கூட்டுறவுச் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம்: நோட்டீஸ், நிகழ்ச்சிநிரல், தீர்மான வாசகம்

கேள்வி: ஐயா, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறேன். 312 உறுப்பினர்கள். நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. 2026 ஜூன் 28 ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டம் வைக்கலாம் என்கிறது வாரியம். பழைய ஃபைலில் மலாய் நோட்டீஸ் ஒன்றுதான் இருக்கிறது. தீர்மானம் என்று பார்த்தால் எல்லாவற்றுக்கும் "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று ஒரே வரி. இந்த முறை லாப ஈவும் வருகிறது, துணைச்சட்டத் திருத்தமும் வருகிறது. நோட்டீஸ், நிகழ்ச்சிநிரல், தீர்மானம் மூன்றையும் தமிழில் எப்படி எழுதுவது?

பதில்:

வாசகத்துக்குப் போகும் முன் தேதியை மாற்றுங்கள். ஜூன் 28 வேண்டாம்.

1993-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தாக வேண்டும். உங்களுக்குக் கடைசி நாள் ஜூன் 30. ஜூன் 28-இல் கூட்டி, குறைந்தபட்ச வருகை சேராமல் போனால் என்ன செய்வீர்கள்? கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்த கூட்டம் எப்படியும் ஜூலையில்தான் விழும். அதாவது ஆறு மாதக் கெடு தாண்டிவிடும், மலேசியக் கூட்டுறவு ஆணையத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும். அதனால் தள்ளிவைத்தாலும் கெடுவுக்குள் முடிகிற தேதியாகப் பாருங்கள். மே 17 ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். வருகை போதாமல் 30 நாளுக்குள் மறுபடி கூட்டினாலும் ஜூன் 16-க்குள் முடிந்துவிடும்.

இனி அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இங்குள்ள பெரும்பாலான சங்கங்களின் துணைச்சட்டம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 15 நாள் எழுத்துமூல நோட்டீஸ் கேட்கிறது. உங்களுடையதை எடுத்து ஒரு முறை சரிபாருங்கள். அனுப்பும் நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் சேர்க்காமல் எண்ணுவதுதான் பாதுகாப்பு. மே 17-க்கு முந்தைய முழு 15 நாள் என்றால் மே 2 முதல் மே 16 வரை. அப்படியானால் நோட்டீஸ் மே 1-க்குள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். மே 1 தொழிலாளர் தினம், தபால் நிலையம் மூடியிருக்கும். கடைசி நாள் என்று பார்த்தால் ஏப்ரல் 30 வியாழன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமையே தபாலில் போட்டு, தபால் ரசீதையும் முகவரிப் பட்டியலையும் ஃபைலில் சேர்த்துவிடுவேன். வாட்ஸ்அப் குழுவில் போடுவது நல்லதுதான். ஆனால் உங்கள் துணைச்சட்டம் அதை நோட்டீஸாக ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்கவில்லை என்றால் அது வெறும் நினைவூட்டல்தான். பின்னால் ஒருவர் "எனக்கு நோட்டீஸே வரவில்லை" என்று புகார் கொடுத்தால், கையில் இருக்கும் தபால் ரசீதுதான் பேசும்.

இன்னொன்று. தணிக்கை செய்த கணக்கும் அதைப் பற்றி மலேசியக் கூட்டுறவு ஆணையம் தந்த கருத்துரையும் கையில் வராமல் நோட்டீஸை அச்சுக்கு அனுப்ப வேண்டாம். கணக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் தேதி குறித்து, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டிவிட்டு, கடைசி வாரத்தில் தணிக்கையாளர் பின்னால் ஓடும் சங்கங்கள் நிறைய. எனவே மே மாதக் கூட்டம் என்றால் கணக்குப் புத்தகங்கள் ஜனவரி இறுதியிலேயே தணிக்கையாளரிடம் போயிருக்க வேண்டும்.

சரி, இப்போது நோட்டீஸ். படிப்பவருக்கு ஐந்து விஷயம் தெரிந்தால் போதும்: எந்த ஆண்டின் கூட்டம், எங்கே, எப்போது, என்னென்ன முடிவெடுக்கப் போகிறார்கள், தானும் ஒரு பிரேரணை கொடுக்க வேண்டுமானால் எப்போதுக்குள், யாரிடம். இப்படி எழுதலாம்:

> ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ்
>
> (சங்கத்தின் முழுப் பெயர், பதிவு எண், பதிவு முகவரி)
>
> அனைத்து உறுப்பினர்களுக்கும்,
>
> 2025 டிசம்பர் 31-இல் முடிவடைந்த நிதியாண்டுக்கான சங்கத்தின் ____-ஆவது ஆண்டுப் பொதுக்கூட்டம் கீழ்க்கண்டவாறு நடைபெறும் என்பதை வாரியத்தின் ஆணைப்படி அறிவிக்கிறேன்.
>
> நாள்: 17 மே 2026, ஞாயிற்றுக்கிழமை
> நேரம்: காலை 9.30 (பதிவு காலை 8.30 முதல்)
> இடம்: (மண்டபத்தின் பெயர், மாடி, முழு முகவரி)
>
> கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் விஷயங்கள் இணைப்பு 1-இல் உள்ள நிகழ்ச்சிநிரலில் தரப்பட்டுள்ளன. துணைச்சட்டத் திருத்தத்தின் முழு வாசகம் இணைப்பு 2-இல் உள்ளது. ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையும் இத்துடன் அனுப்பப்பட்டுள்ளன.
>
> பிரேரணை கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் அதை எழுத்தில், உறுப்பினர் எண்ணும் கையொப்பமும் இட்டு, 9 மே 2026 மாலை 5 மணிக்குள் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.
>
> உறுப்பினர் நேரில் வந்தால் மட்டுமே வாக்களிக்க முடியும். பதிலாளை அனுப்ப இயலாது. அடையாள அட்டையைக் கொண்டுவரவும்.
>
> வாரியத்தின் ஆணைப்படி,
> (பெயர், கையொப்பம்)
> செயலாளர்
> நாள்: 24 ஏப்ரல் 2026

பிரேரணைக்கு மே 9 என்று போட்டிருப்பது, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு என்று பல துணைச்சட்டங்களில் இருக்கும் கணக்கை வைத்து. உங்களுடையதில் வேறு எண் இருந்தால் அதையே போடுங்கள். "வாரியத்தின் ஆணைப்படி" என்பதையும் வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிடாதீர்கள். கூட்டத்தைக் கூட்டுவது வாரியம், செயலாளர் அல்ல. ஆகவே தேதியையும் நிகழ்ச்சிநிரலையும் ஏற்று வாரியக் கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

பதிலாள் பற்றிய வரி கட்டாயம் இருக்கட்டும். நம் ஊரில் கணவருக்குப் பதிலாக மனைவி, அப்பாவுக்குப் பதிலாக மகன் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது சாதாரணம். கம்பெனிக் கூட்டத்தில் பதிலாள் உண்டு, கூட்டுறவில் இல்லை. இங்கே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, பத்தாயிரம் ரிங்கிட் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. அதை அவரே வந்து போட வேண்டும். பதிவு மேசையில் அடையாள அட்டையை உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரை உட்கார வையுங்கள். குடும்பத்தார் தாராளமாக வரலாம், பின்வரிசையில் தனியாக உட்காரட்டும். வாக்கெடுப்பில் கை எண்ணும்போது குழப்பம் இருக்காது.

தமிழிலும் மலாயிலும் அனுப்புவதாக இருந்தால், இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் மலாய்ப் பிரதியே செல்லும் என்று அடியில் ஒரு வரி சேருங்கள். ஆணையத்துக்கும் வங்கிக்கும் போகப்போவது மலாய்ப் பிரதிதான். தமிழ்ப் பிரதி உறுப்பினர் புரிந்துகொண்டு வாக்களிப்பதற்கு.

அடுத்து நிகழ்ச்சிநிரல். நான் விரும்பும் வரிசை இது:

> 1. தலைவர் உரை
> 2. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பை உறுதிசெய்தல். அதிலிருந்து எழும் விஷயங்கள்
> 3. 2025-ஆம் ஆண்டுக்கான வாரிய அறிக்கையைப் பரிசீலித்தல்
> 4. உள்தணிக்கைக் குழுவின் அறிக்கையைப் பரிசீலித்தல்
> 5. 31.12.2025 வரையிலான தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கை, தணிக்கையாளர் அறிக்கை, ஆணையத்தின் கருத்துரை ஆகியவற்றைப் பரிசீலித்து ஏற்றல்
> 6. 2025-ஆம் ஆண்டு நிகர லாபத்தைப் பகிர்ந்தளிக்க ஒப்புதல் அளித்தல் (லாப ஈவு 5 விழுக்காடு)
> 7. வாரிய உறுப்பினர்களின் மதிப்பூதியத்துக்கு ஒப்புதல் அளித்தல் (6,000 ரிங்கிட்)
> 8. 2026-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் அதிகபட்சக் கடன்பொறுப்பு வரம்புக்கும் ஒப்புதல் அளித்தல்
> 9. துணைச்சட்டத் திருத்தம் (இணைப்பு 2)
> 10. வாரிய உறுப்பினர் தேர்தல்
> 11. உள்தணிக்கைக் குழுத் தேர்தல்
> 12. வெளித் தணிக்கையாளர் நியமனம்
> 13. உரிய காலத்தில் பெறப்பட்ட பிரேரணைகள்
> 14. ஏனையவை

6, 7 இரண்டிலும் தொகையைப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். "லாபப் பங்கீடு" என்று மட்டும் எழுதினால், வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உறுப்பினருக்கு ஒன்றும் தெரியாது. மதிப்பூதியத்தையும் லாபப் பங்கீட்டுக்குள் ஒளித்துவைக்காமல் தனியாகக் கொண்டுவாருங்கள். வாரியம் தனக்கே பணம் கேட்கும் விஷயம் அது. லாப ஈவுக்காகக் கை தூக்கியவர் மதிப்பூதியத்துக்கும் சேர்த்துத் தூக்கிவிட்டார் என்ற பேச்சு வரக் கூடாது.

துணைச்சட்டத் திருத்தத்தைத் தேர்தலுக்கு முன் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. தேர்தல் முடிந்ததும் பாதி மண்டபம் காலியாகிவிடும். திருத்தத்துக்கோ ஆள் வேண்டும். இதே காரணத்துக்காக மதியச் சாப்பாட்டையும் வருகைப் படியையும் கடைசி வாக்கெடுப்புக்குப் பிறகே கொடுங்கள். பத்து மணிக்குப் பலகாரத்தோடு படிக் கவரையும் நீட்டிவிட்டு, பதினொன்றரைக்கு ஆளைத் தேடுவதில் பயனில்லை.

"ஏனையவை" என்ற கடைசித் தலைப்பில்தான் அதிகச் சிக்கல் வருகிறது. ஒருவர் எழுந்து, "பக்கத்தில் ஒரு கடைவீடு விலைக்கு வருகிறது, சங்கம் வாங்கலாமே" என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். குறிப்பில் "வாங்க முடிவு செய்யப்பட்டது" என்று ஏறிவிடும். அந்த முடிவு நிற்காது. நோட்டீஸில் கடைவீடு பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தால் வீட்டில் இருந்த இருநூறு பேரில் பலர் வந்து எதிர்த்திருக்கலாம். ஆகவே இந்தத் தலைப்பில் கருத்துச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், வாரியம் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். பணத்தையோ சொத்தையோ கடனையோ தொடும் முடிவு கூடாது. தலைவர் இதைத் தலைப்பைத் தொடங்கும்போதே சொல்லிவிட்டால், நடுவில் யாரையும் தடுத்து முகம் கோணவைக்க வேண்டியதில்லை.

இப்போது தீர்மானம். எழுதி முடித்ததும் நான் எப்போதும் பார்ப்பது இதுதான்: கூட்டத்துக்கு வராத வங்கி அதிகாரியோ அடுத்த பொருளாளரோ இந்த ஒரு பத்தியை மட்டும் படித்து வேலையைச் செய்ய முடியுமா? "5% லாப ஈவு ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்பதில் பொருளாளர் மாட்டிக்கொள்வார். எதில் ஐந்து விழுக்காடு? பங்கிலா, சந்தா முதலிலா, இரண்டிலுமா? எந்தத் தேதியில் உள்ள இருப்பு? அக்டோபரில் பங்கு வாங்கியவருக்கு முழு ஆண்டு ஈவா? எப்போது கொடுப்பது?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உங்கள் சங்கத்தின் தணிக்கை செய்யப்பட்ட நிகர லாபம் 48,000 ரிங்கிட், பங்கு மூலதனம் 420,000 ரிங்கிட் என்று வையுங்கள். முதலில் சட்டப்படியான ஒதுக்கீடு போக வேண்டும். சட்டபூர்வ காப்பு நிதிக்கு 15 விழுக்காடு என்றால் 7,200. கூட்டுறவுக் கல்வி அறநிதிக்கு 2 விழுக்காடு, 960. கூட்டுறவு மேம்பாட்டு அறநிதிக்கு 1 விழுக்காடு, 480. மொத்தம் 8,640. இந்த எண்களை நீங்களாகப் போடாதீர்கள். தணிக்கையாளர் கணக்கறிக்கையில் காட்டியிருக்கும் விகிதத்தையும் தொகையையும் அப்படியே எடுங்கள். ஏனென்றால் இந்த ஒதுக்கீட்டை உறுப்பினர் கூடி வாக்களித்துக் குறைக்க முடியாது.

மிச்சம் 39,360. இதில்தான் பொதுக்கூட்டத்துக்கு முடிவெடுக்க இடம். ஐந்து விழுக்காடு ஈவு 21,000, மதிப்பூதியம் 6,000, உறுப்பினர் நலநிதிக்கு 4,000. மொத்தம் 31,000 போனால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வது 8,360. தீர்மானம் இப்படி வரும்:

> தீர்மானம் 6: 2025-ஆம் ஆண்டு நிகர லாபப் பகிர்வு
>
> 31.12.2025-இல் முடிவடைந்த நிதியாண்டின் தணிக்கை செய்யப்பட்ட நிகர லாபமான 48,000 ரிங்கிட்டிலிருந்து, கணக்கறிக்கையில் காட்டப்பட்டுள்ள சட்டப்படியான ஒதுக்கீடான 8,640 ரிங்கிட் கழித்த பின் உள்ள 39,360 ரிங்கிட்டில்:
>
> (அ) உறுப்பினர் பங்கு மூலதனத்தின் மீது ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு வழங்கப்படும். இது 31.12.2025-இல் பதிவேட்டில் உள்ள உறுப்பினர்களுக்கு, 2025-ஆம் ஆண்டில் அவர்கள் பங்கு வைத்திருந்த முழு மாதங்களின் விகிதத்தில், மொத்தம் 21,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல், 31 ஜூலை 2026-க்குள் வழங்கப்படும்;
>
> (ஆ) உறுப்பினர் நலநிதிக்கு 4,000 ரிங்கிட் மாற்றப்படும்;
>
> (இ) தீர்மானம் 7-இன்படி மதிப்பூதியம் வழங்கப்பட்ட பின் எஞ்சும் தொகை அடுத்த நிதியாண்டுக்கு எடுத்துச் செல்லப்படும்
>
> என இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது.

"முழு மாதங்களின் விகிதத்தில்" என்பதால் ஆண்டு நடுவில் சேர்ந்தவர்களுக்குக் குறையும். அதனால்தான் "மேற்படாமல்" என்ற சொல். ஆணையத்தின் கருத்துரையில் லாப ஈவு பற்றி ஏதாவது நிபந்தனை இருந்தால் அதையும் (அ)-வில் எழுதிவிடுங்கள்.

மண்டபத்தில் யாராவது எழுந்து "ஐந்து போதாது, ஆறு கொடுங்கள்" என்பது நிச்சயம் நடக்கும். வாரியம் சிபாரிசு செய்ததற்கு மேல் போகக் கூடாது என்று உங்கள் துணைச்சட்டம் சொன்னால், தலைவர் அந்த விதியை வாசித்துக் காட்டித் திருத்தத்தை நிராகரிக்க வேண்டும். அப்படி விதி இல்லை என்றால் திருத்தத்துக்கு முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயரை வாங்குங்கள். வாக்கெடுப்புக்கு முன் பொருளாளர் எழுந்து கணக்கைச் சொல்லட்டும். ஆறு விழுக்காடு என்றால் 25,200. கூடுதல் 4,200. எடுத்துச் செல்லும் தொகை 8,360-இலிருந்து 4,160 ஆகும். அத்தோடு வங்கியில் எவ்வளவு ரொக்கம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடன் கொடுக்கும் சங்கத்தில் லாபம் என்பது பெரும்பாலும் உறுப்பினர் கட்ட வேண்டிய தவணையில்தான் உட்கார்ந்திருக்கும். ஏட்டில் லாபம் இருந்தும் ஈவு கொடுக்கக் காசு இல்லாத நிலை அப்படித்தான் வருகிறது. கணக்கைக் கேட்ட பின் முதலில் திருத்தத்துக்கு வாக்கு. அது தோற்றால் மூலத் தீர்மானத்துக்கு வாக்கு. ஜெயித்தால் திருத்திய வடிவத்துக்கு மறுபடி ஒரு வாக்கு. பலர் இந்தக் கடைசி வாக்கை விட்டுவிடுகிறார்கள். அப்போது திருத்தம் ஜெயித்திருக்கும், தீர்மானம் நிறைவேறியிருக்காது.

துணைச்சட்டத் திருத்தத்துக்கு வருவோம். உறுப்பினர்களின் பிள்ளைகளையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்பது உங்கள் திருத்தம் என்று வைத்துக்கொள்கிறேன். பல பழைய சங்கங்களுக்கு இப்போது இதுதான் தேவை. இணைப்பு 2-இல் இருக்கும் விதி, வரப்போகும் விதி, காரணம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கட்டும்:

> இணைப்பு 2
>
> இருக்கும் விதி ____: "செந்தூல் வட்டாரத்தில் வசிக்கும் அல்லது வேலை செய்யும், 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் உறுப்பினராகலாம்."
>
> திருத்திய விதி ____: "செந்தூல் வட்டாரத்தில் வசிக்கும் அல்லது வேலை செய்யும், 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்களும், வசிக்கும் இடம் எதுவாயினும் உறுப்பினர் ஒருவரின் 18 வயது நிரம்பிய, மலேசியக் குடிமக்களான பிள்ளைகளும் உறுப்பினராகலாம்."
>
> காரணம்: உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் வேறு ஊர்களில் குடியேறிவிட்டதால் இப்போதைய விதியின்படி சேர முடியவில்லை.

முழு வாசகத்தை நோட்டீஸோடு அனுப்பாமல் "உறுப்பினர் தகுதி பற்றிய விதியில் சில திருத்தங்கள்" என்று போட்டு, மண்டபத்தில் வாசித்துக் காட்டுவது போதாது. உறுப்பினர் எதற்கு வாக்களிக்கிறார் என்பது வீட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். தீர்மானம்:

> தீர்மானம் 9: துணைச்சட்டத் திருத்தம்
>
> 24 ஏப்ரல் 2026 தேதியிட்ட நோட்டீஸின் இணைப்பு 2-இல் தரப்பட்டுள்ளவாறு சங்கத் துணைச்சட்டத்தின் விதி ____ திருத்தப்படும் எனவும், இத்திருத்தம் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிவான நாள் முதல் நடைமுறைக்கு வரும் எனவும், பதிவுக்கான விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வாரியத்துக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது எனவும் இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது.
>
> வாக்களிக்கும் நேரத்தில் மண்டபத்தில் இருந்தோர்: 118. ஆதரவு: 97. எதிர்ப்பு: 12. வாக்களிக்காதோர்: 9. தீர்மானம் நிறைவேறியது.

பதிவாகும்வரை திருத்தம் செல்லாது. கூட்டம் முடிந்த மறுநாளே ஒருவர் ஜோகூரில் இருக்கும் மகனின் விண்ணப்பத்தோடு வருவார். பதிவுக் கடிதம் வரும்வரை வாங்கி வைத்துக்கொள்ளலாம், சேர்க்கக் கூடாது.

எண்ணிக்கையை ஏன் இப்படி விரித்து எழுத வேண்டும் என்றால், திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. உங்கள் விதி மூன்றில் இரண்டு பங்கு கேட்டால், 118 பேருக்கு 79 வாக்கு வேண்டும். "ஒருமனதாக" என்ற சொல்லிலிருந்து அது கிடைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டு பேர் எதிர்த்ததை எழுதுவதில் சங்கத்துக்கு எந்தக் குறையும் இல்லை, கூட்டம் உண்மையாக நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

குறைந்தபட்ச வருகையும் இங்கேதான் முக்கியம். மொத்த உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், எது குறைவோ அது என்று உங்கள் துணைச்சட்டம் சொன்னால், 312-க்கு 63 பேர் வேண்டும். காலையில் 118 பேர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், வாக்கெடுப்பு நேரத்தில் நாற்காலியில் எத்தனை பேர் என்பதைத் தனியாக எண்ணுங்கள். குறித்த நேரத்திலிருந்து துணைச்சட்டம் தரும் அவகாசம்வரை காத்திருந்தும் 63 சேரவில்லை என்றால் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்த கூட்டத்தில் வந்தவர் எத்தனை பேராக இருந்தாலும் மற்ற வேலைகளை முடிக்கலாம் என்று பல துணைச்சட்டங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் துணைச்சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்தை மட்டும் அந்தச் சிறிய கூட்டத்துக்குத் தருவதில்லை. அப்படி நடந்தால் உங்கள் திருத்தம் இன்னொரு கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மற்ற தீர்மானங்கள் சுலபம். மதிப்பூதியத்துக்குத் தொகை, யாருக்கு, எந்த ஆண்டு வேலைக்கு என்ற மூன்றும் போதும். தணிக்கையாளருக்கு:

> (நிறுவனத்தின் பெயர்) 2026-ஆம் நிதியாண்டுக்குச் சங்கத்தின் வெளித் தணிக்கையாளராக நியமிக்கப்படுகிறது எனவும், அதன் கட்டணத்தை நிர்ணயிக்க வாரியத்துக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது எனவும் இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது.

கடன்பொறுப்பு வரம்பில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். "வரம்பு ஏற்கப்பட்டது" என்றால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். "2026-ஆம் நிதியாண்டில் சங்கத்தின் மொத்தக் கடன்பொறுப்பு எந்த நேரத்திலும் 300,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது என, ஆணையத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு, இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது" என்று தொகையோடும் ஆண்டோடும் எழுதுங்கள். வாரியம் இந்த ஆண்டு கடன் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், ஏற்கெனவே இருக்கும் பாக்கியையும் புதுக் கடனையும் கூட்டிப் பார்த்த பிறகே அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள். நடுவில் போதவில்லை என்றால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டிவரும்.

சென்ற ஆண்டுக் குறிப்பை உறுதிசெய்யும்போது ஒன்றை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். எழுதியது நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்பதே அங்கே கேள்வி. அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதத்துக்கு அது இடமில்லை. சென்ற ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களே முன்மொழியட்டும், வழிமொழியட்டும்.

தீர்மானங்களை மண்டபத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டச்சு செய்து, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காதோர் என்ற இடங்களை மட்டும் காலியாக விட்டு, தலைப்புக்கு ஒரு தாளாக எடுத்துப் போங்கள். தலைவர் வாக்கெடுப்புக்கு முன் அந்த வாசகத்தை முழுதாக வாசிப்பார். எண்ணி முடித்ததும் எண்களை நீங்கள் நிரப்பி, அங்கேயே தலைவரிடம் ஒரு சிறு கையொப்பம் வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய்க் குறிப்பு எழுதும்போது அந்தத் தாள்களை அப்படியே சேர்த்தால் போதும். வங்கிக்கும் ஆணையத்துக்கும் தீர்மான நகல் கேட்கும்போது, அந்தப் பத்தியை மட்டும் தனித்தாளில் எடுத்து, "17 மே 2026 அன்று நடைபெற்ற ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பின் உண்மை நகல்" என்று எழுதி, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, சங்க முத்திரை வைத்துக் கொடுங்கள்.